பதினெட்டாம் கட்டிலருகே ஓர் இரவு: செவிலியர் மாணவிகளுக்கான நிகழ்வு ஆய்வு

நோயாளியையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரங்கள், மருந்தின் அளவு, அன்றிரவு நான் எடுத்த முடிவுகள் ஆகியவை நடந்தபடியே உள்ளன. அந்த முடிவுகளில் ஒன்று தவறானது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையின் பொது வார்டு. 22 கட்டில்கள், அன்றிரவு 17 பேர் இருந்தார்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நான் பணிச் செவிலியர். என்னுடன் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியும், வார்டுப் பணியாளர் ஒருவரும் இருந்தார்கள். ஜனவரி மாதம். புல்வெளியெல்லாம் உறைபனி படியும் நாட்கள்.

18-ஆம் கட்டிலில் இருந்தவருக்கு வயது 68. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். இளைஞராக இங்கு வந்து, ஓய்வு பெறும்வரை தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்தவர். பச்சைக் கொழுந்தைப் பரப்பி இரவெல்லாம் காற்றில் வாட விடும் மாடியில்தான் அவருக்கு வேலை. நீண்ட காலம் பீடி புகைத்திருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் இரண்டு முறை மருந்து ஏற்றிய பிறகு, இனி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

மூச்சுத்திணறல் அதிகமாகி எங்களிடம் சேர்த்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. மருத்துவர் மனைவியிடமும் தொலைபேசியில் மகனிடமும் பேசியிருந்தார். கோயம்புத்தூர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதில்லை, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வதில்லை என்று முடிவாகி, அது கேஸ் ஷீட்டில் கையெழுத்துடன் பதிவாகியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கான வழிகாட்டுதலை 2020-இல் வெளியிட்டிருக்கிறது. எழுத்தில் இல்லாத முடிவு, இரவுப் பணியில் இருப்பவருக்கு முடிவே அல்ல. அதனால் பணியேற்றவுடன் நான் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

அதுவரை மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம், நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டு வந்தது. அன்று நண்பகலிலிருந்து அவரால் விழுங்க முடியவில்லை. நாளொன்றுக்கு வாய்வழி 60 மில்லிகிராம் என்பது தோலடி ஊசியாகும்போது பாதியாகக் குறைந்து 30 ஆகும். ஆகவே 5 மில்லிகிராம், நான்கு மணிக்கு ஒருமுறை. இடையில் வலியோ திணறலோ தெரிந்தால் இன்னொரு 5 மில்லிகிராம். ஓயாத தவிப்புக்கு மிடசோலம் 2.5, தொண்டைக் கரகரப்புக்குக் கிளைக்கோபைரோலேட் 0.2 மில்லிகிராம். இவை அனைத்தையும் மருத்துவர் மாலையே எழுதிவைத்திருந்தார். மார்புக்கு மேற்பகுதியில் 24 எண் பட்டர்ஃப்ளை ஊசி ஒன்று தோலடியில் பொருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குத்த வேண்டிய தேவை இல்லை.

இரவு 8.45: பார்த்ததும் தீர்மானித்ததும்

பணி ஒப்படைப்பின்போது பகல் செவிலியர் சொன்னவற்றில் ஒன்று: "சிறுநீர் குறைந்துவிட்டது. டயப்பர் லேசாக நனைந்திருக்கிறது." இறுதி நாளில் சிறுநீர் குறைவது இயல்பு என்பதால் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. இந்த வரி பின்னால் மறுபடி வரும்.

8.45-க்கு அவரருகே போனேன். கூப்பிட்டால் இமை அசைந்தது, கண் திறக்கவில்லை. நிமிடத்துக்கு 24 மூச்சு. மணிக்கட்டு நாடி நூலிழை போல 118. கைகள் சில்லிட்டிருந்தன. போர்வையை விலக்கியபோது இரண்டு முழங்கால்களிலும் ஊதா நிறத் திட்டுகள், வலை பின்னியது போல. தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை உடல் கைவிடத் தொடங்கியதன் அடையாளம் இது. இது தெரிந்த பிறகு சிலர் சில மணி நேரம் இருப்பார்கள்; ஒரு நாளைக் கடப்பவர்களும் உண்டு. நெற்றியில் சுருக்கம் இல்லை, புருவம் நெரியவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வலி இல்லை என்று எழுதினேன்.

இரண்டு மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் வெப்பநிலையும் பார்ப்பதை நிறுத்தலாமா என்று பணி மருத்துவரைக் கேட்டேன், ஒப்புக்கொண்டார். அந்த எண்கள் எவ்வளவாக இருந்தாலும் நாங்கள் செய்யப்போவது மாறாது. மெலிந்த கையைப் பட்டை இறுக்கும் வலிதான் மிச்சம். முகத்தை இறுக்கிப் பிடித்திருந்த ஆக்சிஜன் முகமூடியை அவர் மயக்கத்திலேயே மூன்று முறை இழுத்திருந்தார். அதை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் வைத்தோம். அதன்பின் கை முகத்துக்குப் போகவில்லை. மணிக்கு ஒருமுறை எழுத வேண்டியவை என்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்: முகம், மூச்சு, தவிப்பு, வாயின் ஈரம்.

அடுத்தது நாற்காலி. 17 பேர் இருக்கும் வார்டில் ஒருவரருகே ஒரு செவிலியர் இரவு முழுக்க அமர முடியாது. முடியும் என்று எழுதினால் அது பொய். நானும் மாணவியும் மாறி மாறி அமர்வது, சுற்று வரும் நேரத்தில் மற்றவர் அங்கே இருப்பது, 18-ஆம் கட்டிலை மறைக்கும் திரையை வார்டுப் பக்கம் மட்டும் ஒரு முழம் திறந்து வைப்பது என்று முடிவு செய்தோம். காலையில் கணக்கிட்டேன்: நான் அமர்ந்தது மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். மாணவி நான்கு மணி நேரத்துக்கு மேல்.

மூன்றாவது முடிவு மகனைப் பற்றியது. அவர் திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 9 மணிக்குத் தொலைபேசியில் பேசினேன். "இப்போதே கிளம்பட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மலையேற அந்நேரத்தில் பஸ் கிடைப்பது கடினம், பாதையில் பனிமூட்டம் வேறு என்று எனக்குள் கணக்குப் போட்டேன். "இரவு தாங்கும் என்று நினைக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் வாருங்கள்" என்றேன். முழங்காலைப் பார்த்துவிட்டு வந்து பதினைந்து நிமிடங்கூட ஆகாத நிலையில் இதைச் சொன்னேன்.

இரவு 10 முதல் 12.30 வரை: அமர்வது எப்படி

மாணவிக்கு இதுதான் முதல் மரணம். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை குனிந்து, "தாத்தா, கேட்கிறதா?" என்று தோளைத் தட்டினாள். அவர் முகம் ஒவ்வொரு முறையும் சுளித்தது. அன்பினால்தான் செய்தாள்; அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் பயமும் அதில் கலந்திருந்தது.

நாற்காலியைத் தலைமாட்டுக்குச் சற்றுக் கீழே, அவர் முகமும் நம் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி போட்டேன். தொடுவதற்கு முன் ஒருமுறை, மெல்லிய குரலில், யார் என்பதையும் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்; பதிலை எதிர்பார்க்கக் கூடாது. அவர் கையின்மேல் நம் கையை வைத்தால் நம் பாரம் அவர்மேல் இறங்கும். அவரால் விலக்கவும் முடியாது. நம் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் வைத்தால், வேண்டாமென்றால் அவர் எடுத்துக்கொள்ளலாம். தடவிக்கொண்டே இருக்கக் கூடாது. மெலிந்த தோலுக்கு அது எரிச்சல். இதைச் சொல்லிவிட்டு நான் முதலில் அமர்ந்து காட்டினேன். அவருடைய வலப்பக்கம் மனைவியின் இடம். அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

"சிஸ்டர், சும்மா உட்கார்ந்து நான் என்ன செய்வது?" என்று மாணவி கேட்டாள்.

"மூச்சை எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. முழு நிமிடம் எண்ணு. பிறகு நெற்றியைப் பார். பிறகு கைகள் எங்கே போகின்றன என்று பார்."

முழு நிமிடம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த நிலையில் மூச்சு ஒரே சீராக வராது. மெல்லத் தொடங்கி, ஆழமாகி, மீண்டும் மெலிந்து, சிறிது நேரம் நின்றுவிடும். செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அரை நிமிடத்தில் நின்ற பகுதி மட்டும் கண்ணில் பட்டால் எண்ணிக்கை பாதியாகிவிடும். அன்று 11 மணிக்கு 15 விநாடி நிறுத்தம் இருந்தது. மனைவி பதறி எழுந்தார். "அம்மா, இனி இப்படித்தான் நின்று நின்று வரும். அவருக்கு மூச்சு முட்டவில்லை, முகத்தைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். உட்கார்ந்தார்.

மலையில் பணியாற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அப்போது நடந்தது. கால் பனிக்கட்டி போல இருக்கிறதே என்று அந்த அம்மா வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்திருந்தார். இரண்டு கம்பளிகளை மார்புவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். நம் ஊரில் இதைவிட இயல்பான அக்கறை வேறில்லை. ஆனால் இரத்த ஓட்டம் குறைந்த காலில் சூடு தங்கித் தோல் வெந்துவிடும். அவரால் சுடுகிறது என்று சொல்லவும் முடியாது. மார்பின்மேல் கனமான கம்பளி ஒவ்வொரு மூச்சுக்கும் தடை. காலைத் தொட்டால் நமக்குத்தான் குளிர்கிறது. இந்த நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் குளிரை உணர்வதில்லை, போர்வையைத் தள்ளவே பார்ப்பார்கள். பையை எடுத்துவிட்டுக் கம்பளிக் காலுறை போட்டோம். ஒரு கம்பளியை இடுப்புவரை மட்டும் விட்டோம்.

முகத்தில் மெல்லிய காற்று படுவது மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கும். சமவெளியில் மின்விசிறியைத் திருப்பி வைப்பார்கள். எங்கள் வார்டில் விசிறி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் மற்ற 16 பேருக்கும் குளிர். எக்ஸ்ரே உறையின் அட்டையை மடித்து மனைவியிடம் கொடுத்தேன். அவர் வீசத் தொடங்கினார். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததும் அவருடைய கை நடுக்கமும் அடங்கியது.

அப்போதுதான் அவர் பேசினார். "தொழிற்சாலை மாடியில் இரவெல்லாம் விசிறிச் சத்தம்தான் சிஸ்டர். அந்தச் சத்தத்தில் இவர் நன்றாகத் தூங்குவார். விசிறி நின்றால்தான் எழுந்துகொள்வார்." நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த மாணவியையும் கண்ணால் தடுத்தேன். சற்று நேரம் கழித்து, அந்தத் தொழிற்சாலை, இலங்கையில் விட்டு வந்த லயன் வீடு, கப்பலில் வந்த நாள் என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனார். கணவர் காதருகே, அவரிடம் சொல்வதைப் போல. நாங்கள் இடையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது எங்களிடம் சொல்லும் பேச்சாக மாறியிருக்கும்.

இரவு 12.40: தவிப்பு

12.40-க்கு மாணவி வந்து என்னை அழைத்தாள். அவர் தலையை இருபுறமும் திருப்பினார். முழங்காலை மடக்கி நீட்டினார். முனகல். நெற்றியில் ஆழ்ந்த சுருக்கம். மூச்சு 32.

"மிடசோலம் எழுதியிருக்கிறார்களே சிஸ்டர், எடுத்து வரட்டுமா?" என்றாள். கேட்டதில் தவறில்லை. இறுதி நேரத் தவிப்பு என்று ஒன்று உண்டு; அதற்கு அந்த மருந்து உண்டு. ஆனால் காரணம் தேடி, கிடைக்காதபோது சூட்டும் பெயர் அது.

"இப்போதுதானே தொடங்கியது? இதற்கு முன் அரை மணி நேரமாக நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன்.

யோசித்துச் சொன்னாள்: "கை அடிவயிற்றுக்குப் போய்ப் போய் வந்தது. போர்வையைச் சரி செய்கிறார் என்று நினைத்தேன்."

அந்த ஒரு பதிலுக்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன். இரண்டு மணிக்கு ஒருமுறை வந்து போயிருந்தால், தவிக்கும் மனிதரை மட்டும்தான் பார்த்திருப்போம். அமர்ந்திருந்ததால் தவிப்புக்கு முன் கை போன இடமும் தெரிந்தது. அடிவயிற்றைத் தொட்டேன். தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, பந்து போல இறுகியிருந்தது. மெல்ல அழுத்தியதும் முகம் கோணியது. சிறுநீர்ப்பை நிறைந்து கிடந்தது.

டயப்பர் லேசாக நனைந்திருந்தது அடைப்பின் அடையாளமே. நிறைந்த பை வழிந்து துளித்துளியாக வெளியேறியிருக்கிறது. மார்ஃபின் சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தும். கூடவே மலச்சிக்கலையும் உண்டாக்கும், மலம் தேங்கிச் சிறுநீர் வழியை நெருக்கும். அவர் மலம் கழித்து ஐந்து நாட்களாகியிருந்தன. இவை எல்லாம் எனக்குத் தெரிந்தவை. ஆனாலும் எட்டு மணிக்கு "நனைந்திருக்கிறது" என்ற சொல்லை நம்பி வயிற்றைத் தொடாமல் விட்டேன்.

மருத்துவரிடம் சொல்லி, மனைவியிடம் விளக்கி, திரையை முழுவதும் மூடி, மரத்துப்போகும் ஜெல்லியிட்டு 14 எண் சிறுநீர்க் குழாயைப் பொருத்தினேன். இறக்கும் நிலையில் இருப்பவருக்கு இன்னொரு குழாயா என்ற கேள்வி எனக்குள்ளும் எழுந்தது. இது உயிரை நீட்டிக்கும் குழாய் அல்ல, வலியை எடுக்கும் குழாய் என்பதே என் பதிலாக இருந்தது. பையில் 700 மில்லி இறங்கியது. 1.20-க்கு நெற்றி தளர்ந்தது. மூச்சு 22. மிடசோலம் அன்றிரவு கடைசிவரை தேவைப்படவில்லை.

கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அசைவு அடங்கியிருக்கும். அடங்கியதைப் பார்த்து நாங்களும் நிம்மதி அடைந்திருப்போம். நிறைந்த பையின் வலியோடு, அதைக் காட்டும் வழியும் இல்லாமல் அவர் கிடந்திருப்பார்.

இரவு 2 முதல் 4 வரை: சத்தமும் பாலும்

2 மணி மார்ஃபின் கொடுத்தோம். 2.30-க்குத் தொண்டையில் கரகரவென்று சத்தம் தொடங்கியது. விழுங்கவும் இருமவும் முடியாததால் தொண்டையில் தங்கும் நீரின் வழியே காற்று போய்வரும் ஒலி அது. கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை. மயக்கத்தில் இருப்பவர் அதை உணர்வதாகத் தெரியவில்லை. உறிஞ்சு குழாயைத் தொண்டைக்குள் விட்டால் குமட்டலும் காயமும்தான் ஏற்படும், நீரும் மறுபடி சேரும். எனவே உறிஞ்சவில்லை. இடப்பக்கமாக ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலையைச் சற்றுத் தாழ்வாகத் திருப்பினோம். வாயோரம் வழிந்ததைத் துணியால் எடுத்தோம். கிளைக்கோபைரோலேட் 0.2 மில்லிகிராம் போட்டேன். அது புதிதாகச் சுரப்பதைக் குறைக்கும்; ஏற்கெனவே தேங்கியதை அகற்றாது. அதனால் தாமதிக்காமல் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். சத்தம் பாதியாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

"தண்ணீருக்குள் மூழ்குகிறாரா சிஸ்டர்?" என்று மனைவி கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லாமல் கணவரின் நெற்றியில் அவர் கையை வைக்கச் சொன்னேன். "திணறினால் இங்கே தெரியும். இங்கே சுருக்கம் வந்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள், மருந்து இருக்கிறது." அதன்பின் அவர் கேட்டது சத்தத்தை அல்ல, கவனித்தது நெற்றியை.

3 மணிக்கு ஆறாம் கட்டிலில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியது. இரத்தச் சர்க்கரை 54. குளுக்கோஸ் கொடுத்து, மறுபடி பார்த்து, எழுதிவிட்டு வர இருபது நிமிடங்கள் ஆயின. அந்த இருபது நிமிடமும் மாணவி தனியாக அமர்ந்திருந்தாள். இப்படித்தான் இருக்கும் இரவுப் பணி. எழுந்து போக நேர்ந்தால், "போய்விட்டு வருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மனைவியின் கையில் பிளாஸ்க் மூடி, அதில் பால். சங்கில் ஊற்றுவது போல வாயில் ஊற்ற வேண்டும் என்றார். மகன் வருவதற்குள் போய்விட்டால், பால்கூட வார்க்காமல் அனுப்பிய பழி தனக்கு என்று அழுதார். மாணவி என்னைப் பார்த்தாள். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். அவருடைய கடைசி மணி நேரம் இருமலும் திணறலுமாகிவிடும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த அம்மா அந்தப் பழியோடு வாழ்நாளெல்லாம் இருப்பார்.

எப்படியும் மணிக்கு ஒருமுறை அவருடைய வாயை நனைத்துக்கொண்டுதான் இருந்தோம். நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஈறும் நாக்கும் துடைத்து, உதட்டுக்கு வாசலின். தண்ணீருக்குப் பதில் பாலாக இருந்தால் என்ன? மெல்லிய துணியைப் பாலில் தோய்த்து, சொட்டாமல் பிழிந்து, மனைவியின் கையில் கொடுத்தேன். உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அவர் ஒற்றினார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒரு பெயரைச் சொன்னார்: தன் பெயர், மகன் பெயர், பேத்தியின் பெயர். பிறகு விபூதி இட்டார். பால் வாயில் புளித்துப்போகாமல் இருக்கச் சற்று நேரம் கழித்துத் தண்ணீர்த் துணியால் துடைத்தோம். "பால் வார்க்கப்பட்டது, மனைவியின் கையால், துணி மூலம்" என்று குறிப்பில் எழுதினேன்.

காலை 4 முதல் 5.05 வரை

4 மணிக்கு மூச்சின் தன்மை மாறியது. மார்பு அசைவது குறைந்து, கீழ்த்தாடை மட்டும் ஏறி இறங்கியது. கரையில் போட்ட மீனின் வாய் போல. மணிக்கட்டு நாடி கைக்கு அகப்படவில்லை. தாடை மூச்சு தொடங்கினால் பெரும்பாலும் இன்னும் சில மணி நேரமே, சில நேரம் நிமிடங்களே. 4.10-க்கு மகனை அழைத்தேன். பஸ்ஸுக்காக எழுந்து தயாராகிக்கொண்டிருந்தார். "உங்களால் வந்து சேர முடியாமல் போகலாம். தொலைபேசியை அப்பாவின் காதில் வைக்கிறேன், பேசுங்கள்" என்றேன். மறுமுனையில் நீண்ட நேரம் எதுவும் இல்லை.

செவிப்புலன் கடைசிவரை இருக்கும் என்று நாம் சொல்லி வருகிறோம். கனடாவில் நடந்து 2020-இல் வெளியான மூளை அலை ஆய்வு ஒன்றில், இறக்கும் நிலையில் நினைவின்றிக் கிடந்த சிலருடைய மூளை, ஒலி மாற்றங்களுக்கு மறுமொழி காட்டியது. கேட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. அதனால் மகனிடம், "அப்பாவுக்குக் கேட்கும்" என்று உறுதி கொடுக்கவில்லை. "கேட்கக்கூடும், சொல்லுங்கள்" என்றேன். அவர் பேசியதை நாங்கள் கேட்காமல் இருக்க இரண்டடி தள்ளி நின்றோம்.

அதன்பின் ஒருவரும் பேசவில்லை. இடைவெளி 30 விநாடி, 40 விநாடி என்று நீண்டது. 4.52-க்கு ஒரு மூச்சு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மூச்சு வரவில்லை. மூன்று நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. மனைவி மட்டும் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே அட்டையைக் கீழே வைத்தார்.

மருத்துவர் வந்து கழுத்து நாடி, இதய ஒலி, கண்பாவை பார்த்து, இசிஜி எடுத்து 5.05-க்கு உறுதி செய்தார்.

பின் நடந்தவை

ஒரு மணி நேரம் அவரை அப்படியே விட்டோம். பிறகு மாணவியும் நானும் மூக்குக் குழாய், பட்டர்ஃப்ளை ஊசி, சிறுநீர்க் குழாய் ஆகியவற்றை எடுத்தோம். வெந்நீரில் துடைத்தோம். கண்களை மூடி, தாடையையும் கால் கட்டைவிரல்களையும் கட்டினோம். தொடுமுன் மாணவி, "ஐயா, திருப்புகிறேன்" என்றாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு பணி அறையில் அழுதாள். கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து, அவள் அழுது முடிக்கும்வரை அருகில் இருந்தேன்.

மகன் 7.20-க்கு வந்தார். உடல் இன்னும் வார்டில்தான் இருந்தது. சவக்கிடங்குக்கு அனுப்பாமல் காத்திருக்க மருத்துவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு, "கடைசியில் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

நான் மணிவாரியாகச் சொன்னேன். நள்ளிரவுக்கு மேல் சிறுநீர் அடைத்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் தவித்ததையும், குழாய் போட்ட பிறகு அடங்கியதையும் சொன்னேன். அதன்பின் முகம் சுளிக்கவே இல்லை என்றும், கடைசி மூச்சின்போது அம்மா விசிறிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஒன்பது மணிக்கே கார் பிடித்துக் கிளம்பியிருந்தால் பார்த்திருப்பேனா?"

திருப்பூரிலிருந்து எங்கள் மருத்துவமனைக்குக் காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். நள்ளிரவுக்குச் சற்றுப் பின் வந்திருப்பார். "ஆமாம், பார்த்திருப்பீர்கள்" என்றேன். "நான் உங்களைக் காலையில் வரச் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள்." அவர் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

மாற்றிக்கொண்டவை

மகனிடம் நான் சொன்னது கணிப்பு அல்ல, ஒரு முடிவு. அவருக்காக நான் எடுத்துவிட்ட முடிவு. பஸ் இல்லை, பனிமூட்டம் என்பவை அவர் எடைபோட வேண்டியவை. கார் பிடிக்க அவரிடம் பணம் இருந்ததா, நண்பர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போது முழங்காலில் திட்டு கண்டவுடன் உறவினரிடம் நான் சொல்வது இது: "உடலில் மாற்றம் தொடங்கிவிட்டது. சில மணி நேரமாகவும் இருக்கலாம், நாளையைத் தாண்டவும் செய்யலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே கிளம்புங்கள்." சொன்ன நேரத்தையும், யாரிடம் சொன்னேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். இருமுறை அப்படிக் கிளம்பி வந்த உறவினர்கள் இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தது. அதற்காக யாரும் என்னிடம் வருந்தவில்லை.

பணியேற்கும்போது சிறுநீர் பற்றி "நனைந்திருக்கிறது" என்ற பதிலை இப்போது ஏற்பதில்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு, கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று கேட்டுவிட்டு, அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன். மார்ஃபின் எடுப்பவர் என்றால் கட்டாயம். எட்டு மணிக்கு இதைச் செய்திருந்தால் அந்த நாற்பது நிமிடமும் அவருக்கு வந்திருக்காது.

மாணவியை முதல் இரண்டு மணி நேரம் கால்மாட்டில் நிற்க விட்டதும் என் குறையே. மற்ற கட்டில்களைச் சுற்றி வந்த பிறகுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது இரவுப் பணி தொடங்கியதும் செய்யும் முதல் வேலை, இறுதி நிலையில் இருப்பவரருகே நாற்காலி போட்டு, மாணவியை அதில் அமர்த்தி, நானும் ஐந்து நிமிடம் பக்கத்தில் நிற்பது. அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சை எண்ணுவதையும், கை போகும் இடத்தைக் கவனிப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எழுதும் குறிப்பில் "நோயாளி அமைதியாக உள்ளார்" என்ற வரியை ஏற்பதில்லை. நெற்றி எப்படி இருந்தது, கைகள் எங்கே இருந்தன என்று எழுதச் சொல்கிறேன்.

அன்றிரவு அந்த மாணவி எழுதிய குறிப்பைக் காலையில்தான் படித்தேன். 12.10-க்கு எதிரே இப்படி இருந்தது: "வலக்கை இரண்டு முறை அடிவயிற்றுக்குப் போனது." நான் கேட்பதற்கு அரை மணி நேரம் முன்பே அவள் அதை எழுதிவிட்டிருந்தாள்.